வீட்டுக்கு வந்த விருந்தாளி

மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தால் சாரா விடிந்ததுமே அடுப்படியைக் கழுவிவிட்டு, பீங்கான் தட்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிடுவாள். நாத்தனார் ரோஸி வேலூரிலிருந்து வருகிற நாள் அது. ரோஸி அங்கே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள்; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து கிளம்பிவிடுவாள். அந்த ஒன்றரை நாளும் வீட்டில் சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, கறிக்குழம்பு உண்டு. முள்ளிப்பட்டில் எந்த மருமகளும் தன் நாத்தனாரை இப்படித் தாங்கியதில்லை என்று ஊரே சொல்லும். மாதத்துக்கு ஒன்றரை நாள் என்றால் யாரையும் தாங்கலாம். சாரா அதை வெளியே சொல்வதில்லை.

சாராவுக்கு ரோஸியிடம் பிடிக்காதது ஒன்றுதான். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டைச் சுற்றி வருவாள். பின்சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி எறிவாள். ஈரம் ஏறியிருக்கிறதா என்று சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். "நாம இன்னா வீட்ட இடிச்சித் தின்னுட்டமா?" என்று சாரா புருஷனிடம் முணுமுணுப்பாள். பவுல்துரை தறியில் போய் உட்கார்ந்துவிடுவான். அக்கா என்றால் அவனுக்கு அவ்வளவு பயம். தறிக்கு வெளிச்சம் போதவில்லை, சுவரை இடித்து ஜன்னல் ஒன்று வைக்கலாம் என்று சாரா சொன்னபோதுகூட, "இந்த வீட்ல கை வைக்கறதுன்னா அக்கா வரட்டும், ஒரு வார்த்த கேட்டுடலாம்" என்றான். நாற்பத்திரண்டு வயது ஆம்பளை, ஒரு ஜன்னலுக்கு அக்காவைக் கேட்கிறான் என்று சாரா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஐப்பசி மாதச் சனிக்கிழமை ரோஸி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னாள்:

"இந்த மாசத்தோட வேல முடியுது சாரா. ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

எச்சில் தட்டை எடுத்த சாரா அதை மறுபடி கீழே வைத்தாள். பவுல்துரை கூரையைப் பார்த்தான்.

"அப்புறம் எங்கங்க அண்ணி?"

"கண்ணமங்கலத்துப் பக்கம் வயசானவங்க ஹோம் ஒண்ணு இருக்குதாம். எடம் இருக்குதுன்றாங்க. இல்லன்னா…" என்று ரோஸி தம்பியைப் பார்த்தாள்.

"நல்ல எடம்னுதான் எல்லாரும் சொல்றாங்க அண்ணி" என்று சாரா ஜல்தியாகச் சொல்லிவிட்டாள். "நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்துலயே கோயிலு. இங்க இன்னா இருக்குது, தறி சத்தமும் நூலுத் தூசியும்."

ரோஸி கொஞ்ச நேரம் ஈரக் கையையே துடைத்துக்கொண்டிருந்தாள். "அதுவும் சரிதான். பண்டிகைக்கு வரப்ப ஃபாரம் எடுத்தாறேன். தம்பி கையெழுத்து வேணும்."

வீடு என்பது தறிக்கூடம் ஒன்று, அறை ஒன்று, அடுப்படி ஒன்று. அந்த அறையில் இன்னொரு தறி போடவேண்டும் என்று சாரா மூன்று வருஷமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள். சாரா கெட்டவள் இல்லை. ஆனால் மாதம் முழுக்கச் சுவரைத் தொட்டுப் பார்க்கிற ஒருத்தியோடு வாழ அவளால் முடியாது.

*

பண்டிகை என்றது அறுவடைக்கு நன்றி சொல்லிச் சர்ச்சில் கொண்டாடும் அறுப்பின் பண்டிகையை. காணிக்கையாக வந்த பூசணிக்காயும் சேவலும் ஏலம் போய், சாப்பாடு முடிந்ததும், பள்ளிக்கூட ஹாலில் பகல் மூன்று மணிக்கு நாடகம். கதை வசனம் எப்போதும் பவுல்துரைதான். தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே வசனம் பேசிப் பார்ப்பான்.

ஆனால் போன வருஷம் அவன் மானம் போய்விட்டது. கொலை, கோர்ட்டு, தூக்குத் தண்டனை என்று இரண்டு மணி நேரம் ஜனங்களை உலுக்கிவிட்டு, கடைசியில் கதாநாயகன் கட்டிலிலிருந்து எழுந்து, "ஐயோ, எல்லாம் கனவா!" என்றான். பக்கத்து வீட்டு முனியம்மாள் முதல் வரிசையிலிருந்து எழுந்து, "ஏம்பா பவுலு, நான் அழுத அழுகைய யாரு திருப்பிக் குடுப்பா?" என்று கத்தினாள். ஹாலே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆறு மாதம் கனவு கனவு என்றே அவனைக் கூப்பிட்டார்கள். பவுல்துரை கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். இந்த வருஷமும் சொதப்பினால் இனிமேல் பேனாவைத் தொடுவதில்லை என்று சாராவிடம் சொல்லியிருந்தான். அந்தப் பேனா இல்லாவிட்டால் அவன் வெறும் மௌனச்சாமி என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. 'வீட்டுக்கு வந்த விருந்தாளி, சமூக நாடகம், யாரும் எதிர்பாராத முடிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எதிர்பாராத முடிவை எழுதியவனே எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டில் கடைசிக் காட்சி மட்டும் காலி.

நாடகத்தை நடத்துகிற சவரிராஜ் வாத்தியார் வந்தார். வாசல் நிலை தாழ்ந்தது, எப்போதும்போல் இடித்துக்கொண்டார்.

"அம்மாடி! இந்த நிலைய மாத்தமாட்டியா பவுலு? சரி, முடிவு இன்னா ஆச்சு?"

"ஆவல வாத்தியாரே."

"இன்னும் பன்னெண்டு நாளுதான் இருக்குது. ரொம்பப் பேஜாருப்பா இது. நான் ஒண்ணு சொல்றேன். விருந்தாளிதான் அந்த ஊட்டுக்காரனோட ரெட்டைப் பொறப்பு. சின்ன வயசுல காணாமப் போனவன். எப்டி?"

"யாரும் எதிர்பாக்கமாட்டாங்கதான்" என்றான் பவுல்துரை சுரத்தில்லாமல்.

தறிக்குப் பின்னால் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்த சாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், தீர்கிறபோது அதை அறுத்து எடுக்கமாட்டார்கள். அதன் நுனியோடு புதுப் பாவின் இழைகளைச் சேர்த்துத் திருகுவார்கள். நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒவ்வொன்றையும் அதனதன் பழைய இழையோடு, விரலில் சாம்பல் தொட்டுத் திருகவேண்டும். ஊரில் பாதி வீட்டுக்குச் சாராதான் பிணைப்பாள்.

"ஏம்மா சிரிக்கிற?" என்றார் வாத்தியார்.

"ரெட்டைப் பொறப்பு இருக்குதுன்னு முன்ன ஒரு பேச்சாச்சும் வருதுங்களா?"

"இல்ல. வந்தா கண்டுபுடிச்சிடுவாங்களே."

"அப்ப அது புதுப் பாவக் கொண்டாந்து பக்கத்துல வச்சிட்டு, பிணைக்காம நெய்யற மாரி. இழுத்தா கையோட வந்துடும். போன வருசம் ஜனங்க கோவிச்சிகினது இன்னாத்துக்கு? முடிவு புதுசுன்னா? இல்லீங்க. அதுவரைக்கும் பாத்தது எதுவும் அதோட சேரல. பட்ட பாடு எல்லாம் வீணுன்னு ஆயிடுச்சி."

வாத்தியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "சரி, திருடன்னு காட்டலாம். ஊரே அவனைத் திருடன்னு நெனைக்குது. ரெண்டாவது காட்சியில அவன் தனியா நிக்கறப்ப, 'நான் எத்தன வீட்ல கன்னம் வச்சவன்'னு ஒரு வசனம் போடலாம். கடைசில பாத்தா போலீசு!"

"தனியா நிக்கறப்ப யாருக்குங்க பொய் சொல்றான்?" என்றாள் சாரா. "கூட ஆளு இருந்தா பொய் சொல்லலாம், அது அவன் குணம். யாருமே இல்லாதப்ப சொன்னா அது நமக்குச் சொல்ற பொய். அது ஏமாத்து. சொல்லாம உடலாம், பொய் சொல்லக் கூடாது."

பவுல்துரை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நோட்டப் படிச்சிப் பாக்கறியா?" என்றான். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டதில்லை.

*

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பட்டு ஒட்டும், நெய்ய முடியாது. வரகரிசிக் கஞ்சியைத் துவையலோடு குடித்துவிட்டு சாரா நோட்டை எடுத்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தவள், எழுத்துக்கூட்டாமல் படிப்பாள்.

கதை சின்னதுதான். ஒரு மழை நாளில் பெரியவர் ஒருவர் பையோடு ஒரு நெசவாளி வீட்டுக்கு வருகிறார். வீட்டுக்காரன் பொன்னையன், "வீட்டுக்கு வந்த விருந்தாளி, வாங்க" என்று உள்ளே கூப்பிடுகிறான். அவன் பெண்டாட்டிக்குப் பிடிக்கவில்லை. 'விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு' என்கிறாள். கண்ணமங்கலத்தில் திருட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பெரியவர் நாலாம் நாளும் போகவில்லை. அதோடு நின்றிருந்தது.

சாரா இரண்டு தரம் படித்தாள். மூன்றாம் தரம் படிக்கிறபோது, பிணைப்பு முடிந்த பாவில் விரல் ஓட்டிப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு வசனத்தையும் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"இன்னாங்க, இந்தப் பொன்னையன் ஒரு எடத்துல கூட 'என் வீடு'ன்னு சொல்லலியே? எல்லா எடத்துலயும் 'இந்த வீடு', 'இந்த வீடு'ன்னே சொல்றான்."

பவுல்துரை வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்டியா வந்திருக்குது?"

"பொண்டாட்டிதான் 'என் வீடு'ன்றா. அவளுக்குத் தெரியாது போல. பெரியவரு எங்க தண்ணி இருக்குதுன்னு கேக்கவே இல்ல, அவரே மொண்டு குடிக்கிறாரு." அவள் குரல் ஏறியது. "அட ஆண்டவரே! முடிவு இங்கியே இருக்குதுங்க! பெரியவருதான் வீட்டுக்குச் சொந்தக்காரு. பொன்னையன் வீட்டப் பாத்துக்க வந்தவன். அப்ப யாரு விருந்தாளி? அவரில்ல. இவங்க!"

அவன் திரும்பவில்லை. "நீ சொல்லு, எழுதறேன்" என்றான். அவளுக்கு அப்போது அதைக் கவனிக்க நேரமில்லை; நெய்கிறவனுக்குச் சேலைக் கரை கூடிவந்த சந்தோஷம் அவளுக்கு.

நாலு நாள் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்.

"மொதல்ல தலைப்பு" என்றாள். "நோட்டீஸ்ல பாத்துட்டு வர்றவன் விருந்தாளி யாருன்னு யோசிச்சிகினே இருப்பான். அதுக்கு ஆரம்பத்துலயே ஒரு பதில் குடுத்துடணும். பொன்னையன் மொத வசனத்துலயே கூப்பிடறான் பாருங்க, அது நல்லது. பதில் கெடச்சிட்டா அதுமேல மறுபடி கண்ணு போவாது."

"அப்புறம்?"

"நெனப்புக்கு வேற வேல குடுக்கணும். இவரு திருடனா இல்லியான்னு அவங்க பாத்துகினு இருக்கட்டும். அந்தச் சாக்குல நாம இழை இழையா வச்சிடலாம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு காரணம் இருக்கணும். பெரியவரு வந்ததும் தலைய நிமித்தி உத்தரத்தப் பாக்கறாரு. மழ ஒழுவுதான்னு பாக்கறாருன்னு நெனைப்பாங்க. கடைசில பாத்தா பத்திரத்த அங்க சொருகி வச்சிருக்காரு. நெலையில இடிச்சிக்காம குனிஞ்சி வர்றாரு. நம்ம அண்ணி வர்றாங்களே, அப்டி. ஒசரமானவரு, பணிவுன்னு நெனைப்பாங்க."

"நம்ம அக்கா மாரியா" என்றான் அவன்.

"ஆமா. வந்ததும் சுவரத் தொட்டுப் பாக்கறதும் போட்டுக்கலாம். அண்ணிக்குத் தெரிஞ்சா கோவிச்சிக்குவாங்க" என்று சிரித்தாள்.

பெரியவர் தனியாக நிற்கிற இடத்தில் என்ன பேசுவது என்று ஒரு நாள் முழுக்கப் போனது. கடைசியில் சாரா சொன்னாள்: "'எத்தன வருசம் ஆச்சி. இந்த மழச் சத்தம் மட்டும் மாறல.' இவ்ளோ போதும். திருடன்னு நெனச்சிக் கேட்டாலும் சரி, சொந்தக்காரருன்னு தெரிஞ்சி கேட்டாலும் சரி. ரெண்டுலயும் பொய் இல்ல."

முடிவில் பெண்டாட்டி, பெரியவர் உத்தரத்தில் கை விடுவதைப் பார்த்துத் திருடன் என்று கூவுகிறாள். அவர் கையில் இருப்பது அந்த வீட்டுப் பத்திரம், அவர் பேரில். பவுல்துரை அதற்குப் பிறகு ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருந்தான். பெரியவர் எப்போது போனார், ஏன் வந்தார் என்று. சாரா அதை அடிக்கச் சொன்னாள். "தெரிஞ்சதுக்கு அப்புறம் பேசக்கூடாதுங்க. அவங்களே திரும்பிப் போயி ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்கட்டும். அவ ஒரே ஒரு வார்த்த கேக்கறா, தெர உழுது."

"இன்னா வார்த்த?"

சாரா யோசித்தாள். "'நாங்க எப்பங்க கெளம்பணும்?'"

பவுல்துரை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டான். வெகு நேரம் கழித்து வந்துதான் எழுதினான்.

*

பண்டிகையன்று மழை விட்டிருந்தது. ரோஸி காலையிலேயே வந்துவிட்டாள். கைப்பைக்குள் ஹோம் ஃபாரம் இருப்பதைச் சாரா பார்த்தாள்; பார்க்காததுபோல் இருந்தாள். மூன்று மணிக்கு ஹாலில் வெளியூர் விருந்தினர் என்று ரோஸிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் முனியம்மாள், வம்புக்கென்றே வந்தவள்போல. சாரா பக்கவாட்டில் சுவரோரம் நின்றாள். அங்கிருந்து மேடையும் தெரியும், ஜனங்களும் தெரியும்.

சவரிராஜ் வாத்தியார்தான் பெரியவர். பொன்னையன், "வீட்டுக்கு வந்த விருந்தாளி, வாங்க" என்றதும், "ஓ, இவருதான் விருந்தாளி" என்று யாரோ பக்கத்தில் சொன்னது சாராவுக்குக் கேட்டது. ஒரு இழை ஆயிற்று. வாத்தியார் குனிந்து வந்தார், உத்தரத்தைப் பார்த்தார், சுவரைத் தொட்டார். "நோட்டம் பாக்கறான் பாரு" என்றாள் முனியம்மாள். சாரா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. பத்திரத்தைப் பார்த்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். பொன்னையன் பெண்டாட்டி மெதுவாகக் கேட்டாள்: "நாங்க எப்பங்க கெளம்பணும்?"

திரை விழுந்தது. அப்புறம் முனியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அய்யய்யோ! மொத நாளே குனிஞ்சிகினு வந்தானேடி! நான் பாத்தேனே! தண்ணிப் பான எங்கன்னு கேக்கவே இல்லியே! என் கண்ணு முன்னாலயே எல்லாம் இருந்துச்சே!"

ஹால் இடிந்துவிழுகிற மாதிரிக் கைதட்டல். ஆளாளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொன்னார்கள். உத்தரம் என்றான் ஒருவன், மழைச் சத்தம் என்றாள் ஒருத்தி. சர்ச் ஐயர் மேடையேறிப் பவுல்துரைக்கு மாலை போட்டார். சாராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேனா பிழைத்தது.

அப்போதுதான் அவள் ரோஸியைப் பார்த்தாள். ரோஸி கைதட்டவில்லை. மேடையில் நின்ற தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் மாலையோடு அக்காவைத்தான் பார்த்தான். பரிசு வாங்கியவன் முகமாக அது இல்லை. மன்னிப்புக் கேட்கிறவன் முகமாக இருந்தது. ரோஸி தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல.

சாராவின் விரல்கள் பாவில் இழை தேடுவதுபோல அசைய ஆரம்பித்தன. குனிந்து வருவது. சுவரைத் தொடுவது. இவற்றை அவள்தான் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். 'இந்த வீடு' என்பது? அதை அவள் கொடுக்கவில்லை. அது நோட்டில் முதலிலேயே இருந்தது. பவுல்துரை ஜன்னல் பற்றிப் பேசியபோதும் 'இந்த வீடு' என்றுதானே சொன்னான். அவன் வாயில் 'நம்ம வீடு' என்று ஒரு நாளாவது வந்திருக்கிறதா? நாலாயிரம் இழையில் ஒன்று விட்டாலும் கண்டுபிடிக்கிறவள், பத்தொன்பது வருஷமாகக் காலடியில் கிடந்ததைப் பார்க்கவில்லை. ரோஸி எழுந்து வெளியே போவதைப் பார்த்துப் பின்னாலேயே நடந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ரோஸி கைப்பையோடு நின்றிருந்தாள். சாரா போனதும் சிரித்தாள்.

"முடிவு நீ எழுதனதாமே? வாத்தியாரு சொன்னாரு. ஒரு இழை கூட உடல சாரா. சரி, தம்பியக் கூப்புடு, கையெழுத்தப் போட்டுக் குடுத்தா ஆரணிக்குப் போயி வேலூரு பஸ்ஸப் புடிச்சிடுவேன்."

"அண்ணி, வீட்டு வரி யாரு பேர்ல வருது?"

ரோஸி சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். "இப்ப இன்னாத்துக்கு அது?"

"சொல்லுங்க அண்ணி."

"…என் பேர்லதான். எங்கப்பா செத்தப்ப ஒண்ணுமில்ல. நான் சேத்து வாங்கனது. வாங்கி ரெண்டு மாசத்துல உன்னப் பொண்ணு பாக்க வந்தம். உங்கப்பா மாப்பிளைக்குச் சொந்த வீடு வேணும்னாரு. நெசவுக்காரனுக்கு அப்ப யாரு பொண்ணு குடுத்தா?"

"அப்ப பொய் சொன்னீங்களா?"

"இல்ல சாரா. 'சொந்த வீடுதான்'னு சொன்னேன். அது நெசந்தானே. யாரோடதுன்னு உங்கப்பா கேக்கல." ரோஸி அவள் தோளைத் தொட்டாள். "உங்கிட்ட சொல்றேன்னு தம்பி வருசா வருசம் சொல்லுவான். நாந்தான் வேணாம்னேன். வந்த பொண்ணு வேத்து வீட்ல இருக்கற மாரி நெனைக்கக் கூடாதுன்னு."

பவுல்துரை மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றான். சாரா திரும்பிப் பார்த்தாள். "முடிவு தெரியாமத்தான் உக்காந்திருந்தீங்களா?"

"தெரியும்" என்றான். "எழுதறதுக்குத் தைரியம் இல்ல. நீ எழுதச் சொன்னப்பவும், அக்காவ ஹோமுக்கு அனுப்பிட்டு இத எப்டி எழுதறதுன்னு…" கையிலிருந்த மாலையைச் சுருட்டினான்.

சாராவுக்குக் கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. எது முந்தி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இவர்கள் இரண்டு பேரும் முழுப் பூசணிக்காயை மறைத்துவிட்டார்களே என்று அழுகை வந்தது. அதே சமயம், 'நல்ல எடம்னுதான் சொல்றாங்க அண்ணி' என்று தான் சொன்ன குரலே காதில் கேட்டது. சொந்த வீட்டுக்கே வரக்கூடாது என்று வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். ரோஸியும் 'அதுவும் சரிதான்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அந்த ஃபாரத்தக் குடுங்க" என்றாள்.

ரோஸி கொடுத்தாள். சாரா அதை நாலாகக் கிழித்தாள்.

"பஸ்ஸு போயிடும் சாரா."

"போவட்டும்."

மூன்று பேரும் தெருவில் நடந்தார்கள். எதிரில் வந்தவர்கள் நாடகத்தைப் புகழ்ந்தார்கள். பவுல்துரை கும்பிட்டுக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்ததும் ரோஸி குனிந்து உள்ளே போனாள். பவுல்துரையும் போனான். சாரா மட்டும் வாசலில் நின்றுவிட்டாள். எத்தனை ஆயிரம் தரம் ஏறி இறங்கிய படி, இன்றைக்குக் கால் எழவில்லை.

உள்ளேயிருந்து ரோஸி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அங்கியே நின்னுட்ட? வா உள்ள."

சாரா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.